‘சரிசெய்துவிட்டோம்’ என்று பதில் எழுதுவதற்கு முன்

வாசகர் கடிதம்

நானும் நண்பனும் கோடாட் 4-இல் உருவாக்கிய பிளாட்ஃபார்மர் கேம் ஒன்று ஸ்டீமில் விற்பனையில் இருக்கிறது. 20 விமர்சனங்களில் 16 நல்லவை. போன வாரம் 21-ஆவதாக ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: “மூணாவது லெவல் கிணத்துல இருக்கிற செக்பாயிண்ட் உடைஞ்சு கிடக்கு. தொட்டேன், தண்ணிக்குள்ள விழுந்து செத்தேன். அதுக்கப்புறம் எப்ப Continue அழுத்தினாலும் தண்ணிக்குள்ளேயே ஆரம்பிச்சு உடனே சாவு. அஞ்சு மணி நேரம் விளையாடினது போச்சு. டெஸ்ட் பண்ணாமலே விக்கிறாங்க.”

காரணம் தெரிந்துவிட்டது: அவர் விழுந்துகொண்டிருக்கும்போதே கேம் சேமித்திருக்கிறது. தரையில் நின்றால் மட்டும் சேமிக்கும்படி மாற்றி அப்டேட்டும் போட்டுவிட்டோம். “சரிசெய்துவிட்டோம், கேமை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள், முடிந்தால் விமர்சனத்தை மாற்றுங்கள்” என்று எழுதலாமா? பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொல்லலாம் என்கிறான் நண்பன். தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் மற்றவர்கள் வாங்காமல் போய்விடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. கோடை இணைத்திருக்கிறோம்.

— பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்

இன்றைக்கு அவருக்கு எதுவும் எழுதாதீர்கள். காரணத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் இணைத்திருக்கும் கோடைப் பார்த்தால், நீங்கள் போட்ட அப்டேட் அவருடைய பிரச்சினையைத் தீர்க்கவில்லை. கூடவே இன்னொரு புதுப் பிரச்சினையையும் கொண்டுவந்திருக்கிறது. இப்போது ‘சரிசெய்துவிட்டோம்’ என்று எழுதினால், அவர் ஆசையாக Continue அழுத்துவார், மறுபடி தண்ணீருக்குள் சாவார். அப்புறம் அவர் எழுதப்போகும் இரண்டாவது விமர்சனத்துக்கு உங்களிடம் பதிலே இருக்காது.

முதலில் புதுப் பிரச்சினை. உங்கள் செக்பாயிண்ட் ஒரு `Area2D`. வீரர் அதற்குள் நுழையும்போது `body_entered` சிக்னல் வருகிறது, அந்த நொடியில் சேமிப்பு நடக்கிறது. அதில் இப்போது `is_on_floor()` நிபந்தனையைச் சேர்த்திருக்கிறீர்கள். அந்த சிக்னல் நுழையும்போது ஒருமுறைதான் வரும். உள்ளே நிற்கும்வரை திரும்பத் திரும்ப வராது. பிளாட்ஃபார்மர் விளையாடுகிறவர்கள் பாதி நேரம் குதித்துக்கொண்டேதான் போவார்கள். குதித்தபடி செக்பாயிண்ட்டுக்குள் நுழைகிறவர் அந்தக் கணத்தில் காற்றில் இருப்பார். நிபந்தனை பொய்யாகும், சேமிப்பு நடக்காது. பிறகு தரையில் இறங்கி உள்ளேயே நடந்தாலும் இரண்டாவது சிக்னல் வராது. விளக்கு எரிவதும் மணி அடிப்பதும் உங்கள் கோடில் இந்த நிபந்தனைக்கு வெளியே இருக்கின்றன. ஆக, விளக்கு எரியும், மணி அடிக்கும், வீரர் சேமித்தாயிற்று என்று நம்பிக் கிளம்புவார், கேம் மட்டும் எதையும் சேமித்திருக்காது. முதல் பிழை கிணற்றில் தவறி விழுந்தவரை மட்டும் பிடித்தது. இது எந்த லெவலிலும் யாரையும் பிடிக்கும்.

தரையில் நிற்கிறாரா என்று கேட்பதே இங்கே தேவையில்லை. வீரர் நின்ற இடத்தை நீங்கள் ஏன் சேமிக்கிறீர்கள்? செக்பாயிண்ட்டின் பெயரை மட்டும் சேமியுங்கள். ஒவ்வொரு செக்பாயிண்ட்டின் கீழும் பாதுகாப்பான ஓர் இடத்தில் ஒரு `Marker2D` வைத்து, திறக்கும்போது வீரரை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். அவர் குதித்து வந்தாரா, விழுந்து வந்தாரா என்பது அப்புறம் பொருட்டில்லை. கிணற்றில் அந்தக் குறியை மேல் விளிம்பில் வைக்கலாம்.

கூடவே தண்ணீர் மட்டம். அதையும் நீங்கள் சேமிக்கிறீர்கள். வீரரை மட்டும் விளிம்புக்கு நகர்த்திவிட்டு, ஏறிவிட்ட தண்ணீரை அப்படியே விட்டால், ஒரு நொடியில் சாவதற்குப் பதில் நாலு நொடியில் சாவார். கிணற்றில் தொடங்கும்போதெல்லாம் தண்ணீர் அடியிலிருந்துதான் ஏறத் தொடங்க வேண்டும்.

ஐந்தாம் லெவலில் நகரும் லிஃப்டின் மேல் ஒரு செக்பாயிண்ட் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதன் குறியை லிஃப்டுக்கு உள்ளேயே, அதன் சேயாக வையுங்கள். லெவலில் தனியாக வைத்தால் லிஃப்ட் கீழே நிற்கும், வீரர் மேலே அந்தரத்தில் தொடங்குவார். அடுத்த விமர்சனம் அங்கிருந்து வரும்.

அவருடைய கோப்பு இன்னும் உடைந்துதான் இருக்கிறது

இனிமேல் நடக்கும் சேமிப்புகளைச் சரிசெய்வது ஒரு வேலை. ஏற்கெனவே கெட்டுப்போன கோப்பைச் சரிசெய்வது முற்றிலும் வேறு வேலை. நீங்கள் செய்திருப்பது முதலாவது. அவர் கேட்பது இரண்டாவது. அவருடைய கணினியில் இருக்கும் `save.dat`-இல் தண்ணீருக்குள் இருக்கும் அந்த இடமும் உயர்ந்த தண்ணீர் மட்டமும் எழுதப்பட்டுவிட்டன. கேமின் கோடு எத்தனை முறை மாறினாலும், அந்தக் கோப்பை நம்பித் திறக்கும்வரை அவர் அங்கேதான் தொடங்குவார்.

இந்த வேறுபாட்டைப் பெரிய நிறுவனங்களும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. 2020 டிசம்பரில் வெளியான ‘சைபர்பங்க் 2077’ கேமில், கணினியில் சேமிப்புக் கோப்பு 8 எம்பியைத் தாண்டினால் கெட்டுப்போனது. அதே மாதம் வந்த 1.06 திருத்தத்தில் அந்த வரம்பை நீக்கினார்கள். அப்டேட்டுக்கு முன்பே கெட்டுப்போன கோப்புகளை இது சரிசெய்யாது என்று அந்தக் குறிப்பிலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். படிக்கிறவருக்கு வருத்தமான வரிதான். ஆனால் அது இல்லாவிட்டால் பலர் செத்துப்போன கோப்பைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அந்தக் கோப்பு சிதையவில்லை. நாணயங்கள், திறந்த கதவுகள், சக்திகள் எல்லாம் அதில் ஒழுங்காகவே இருக்கின்றன. தவறாக இருப்பவை இரண்டே மதிப்புகள். ஆகவே அவருடைய ஐந்து மணி நேரம் ‘போகவில்லை’. கோப்பைத் திறக்கும் இடத்தில் சில வரிகள் சேர்த்தால் மீட்டுவிடலாம்:

```
if data.version < 3:
    if data.checkpoint == "well_02":
        data.water_level = 0
    data.player_pos = spawn_of(data.checkpoint)
    data.version = 3
```

இதில் `spawn_of` என்பது செக்பாயிண்ட்டின் குறி இருக்கும் இடத்தைத் தேடித் தருவதற்கு நீங்கள் எழுத வேண்டிய செயல்பாடு. கோப்பில் பதிப்பு எண்ணை ஆரம்பத்திலிருந்தே எழுதிவந்திருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. அது இல்லையென்றால் எது பழைய கோப்பு, எது புதியது என்று ஊகிக்க வேண்டியிருந்திருக்கும். திருத்திய கோப்பை எழுதும் முன், பழையதை வேறு பெயரில் அதே இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். உங்கள் திருத்தத்திலேயே ஏதாவது கோளாறு இருந்தால் திரும்பிப் போக வழி வேண்டும்.

இதைச் சோதிக்கும்போது நிறைய பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. புது பில்டில் புது ஆட்டம் தொடங்கி, கிணற்றுக்குப் போய், விழுந்து பார்த்து, ‘சரியாகிவிட்டது’ என்று முடித்துவிடுவார்கள். அது அவருடைய பிரச்சினைக்கான சோதனை அல்ல. நீங்கள் பழைய பில்டை எடுத்து, விளிம்பைத் தவறவிட்டு, வேண்டுமென்றே செக்பாயிண்ட்டின் ஊடாக விழுந்து, உடைந்த கோப்பு ஒன்றை உருவாக்க வேண்டும். அதைப் பத்திரமாக எடுத்துவைத்து, புது பில்டில் திறக்க வேண்டும். கிணற்று விளிம்பில் தொடங்குகிறதா, நாணய எண்ணிக்கை அப்படியே இருக்கிறதா, ஒருமுறை மூடித் திறந்தாலும் அதேபோல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உங்களுக்கு ‘சரிசெய்துவிட்டோம்’ என்று சொல்லும் தகுதி வருகிறது.

மீட்கவே முடியாத ஒரு நிலையும் இருக்கிறது. உங்கள் கேமில் சேமிக்க ஒரே இடம்தான். கோபத்தில் அவர் New Game அழுத்தி, முதல் செக்பாயிண்ட் வரை போயிருந்தால், பழைய கோப்பின் மேல் புதியது எழுதப்பட்டிருக்கும். ஸ்டீம் கிளவுடிலும் கடைசியாக ஏறியதே இருக்கும். இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். லெவல் தேர்வு வசதி ஒன்றை இதே அப்டேட்டில் கொடுக்க முடிந்தால் அவர் மூன்றாம் லெவலிலிருந்தாவது தொடரலாம். முடியாது என்றால் ‘விரைவில் வரும்’ என்று எழுதாதீர்கள்.

நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால்

இந்த வரியை அடித்துவிடுங்கள். சேமிப்புக் கோப்பு கேம் ஃபோல்டரில் இல்லை. கோடாட் அதை விண்டோஸில் வழக்கமாக இந்த இடத்தில் வைக்கும்:

```
%APPDATA%\Godot\app_userdata\GameName\save.dat
```

ஸ்டீமில் கேமை நீக்கினாலும் இந்தக் கோப்பு அங்கேயே இருக்கும். சரி, அவர் கொஞ்சம் விவரமானவர், இதையும் தேடி அழித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஸ்டீம் கிளவுடை இயக்கிவைத்திருப்பதால், அடுத்தமுறை கேமைத் திறக்கும்போது ஸ்டீம் அதே உடைந்த கோப்பை இறக்கித் தரும். எந்த வழியில் போனாலும் அவர் தண்ணீருக்குள்தான். நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்து இன்னொரு அரை மணி நேரத்தைத் தொலைத்திருப்பார், அவ்வளவுதான்.

பணமும் விமர்சனமும்

நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்: ஸ்டீமில் வாங்கிய கேமுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது வால்வ் நிறுவனம், நீங்கள் அல்ல. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் கேட்டவுடன் கிடைத்துவிடும். இவர் ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிட்டார். அது அவருடைய விமர்சனத்தின் மேலேயே தெரிகிறது. இருந்தாலும் விண்ணப்பிக்க அவருக்குத் தடை இல்லை, பார்த்து முடிவு செய்வது வால்வ். ஆகவே நீங்கள் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அவர் கேட்டால் ஸ்டீம் உதவிப் பக்கத்தில் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லுங்கள், அது போதும்.

விமர்சனத்தை மாற்றும்படி கேட்பதும் வேண்டாம். அவருக்கு எப்போது வேண்டுமானாலும் அதைத் திருத்தும் வசதி இருக்கிறது, அது அவருக்கே தெரியும். விமர்சனத்தை மாற்றுவதற்காக இலவச கீ, பரிசு என்று ஏதாவது நீட்டினால் ஸ்டீமின் விதியையே மீறியவர்களாவீர்கள். புகார் பொத்தானையும் தொடாதீர்கள். அது வசை, விளம்பரம் போன்றவற்றுக்கு. இவர் எழுதியிருப்பது பிழை அறிக்கை, அதுவும் நல்ல பிழை அறிக்கை. எந்த லெவல், எந்த இடம், எதைத் தொட்டார், பிறகு என்ன நடந்தது எல்லாம் அந்த நாலு வரியில் இருக்கிறது.

20-க்கு 16 என்று 80 சதவீதத்தில் இருந்தது, 21-க்கு 16 ஆகி 76-க்கு இறங்கிவிட்டது. அதோடு உங்கள் பக்கத்தில் இருக்கும் தரச் சொல்லும் ஒரு படி கீழே போயிருக்கும். அந்த உறுத்தல் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் பதில் அவருடைய விமர்சனத்துக்குக் கீழேயே எல்லாருக்கும் தெரியும்படி நிற்கப்போகிறது. வாங்கலாமா என்று யோசிக்கிறவர் அங்கே பார்ப்பது ஒன்றுதான்: என் சேமிப்பும் இப்படிப் போய்விடுமா? அதற்கு நேரான விடை இருந்தால் அவர் வாங்குவார். ‘சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்பதில் அந்த விடை இல்லை.

‘மிகச் சிலருக்கே இது நடந்தது’ என்றும் எழுத வேண்டாம், உங்களுக்கு அது தெரியாது. செத்துப்போன கோப்போடு சத்தமில்லாமல் கேமை மூடிவிட்டுப் போனவர்கள் எழுத மாட்டார்கள். ஒரு குறிப்பு வேண்டுமானால் ஸ்டீமின் சாதனைப் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். மூன்றாம் லெவலுக்குள் நுழைந்ததற்கும் அதை முடித்ததற்கும் தனித்தனிச் சாதனை வைத்திருக்கிறீர்கள். அந்த இரண்டு சதவீதங்களுக்கு இடையிலான பள்ளம் மற்ற லெவல்களைவிட மிக அதிகமாக இருந்தால், இவர் ஒருவர் மட்டும் அல்ல. (கிணறு கடினமான லெவல் என்பதாலும் சிலர் விட்டிருக்கலாம்; முழு ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

நான் எழுதுவதாக இருந்தால்

புது பில்ட், 1.0.4 என்று வைத்துக்கொள்வோம், சோதனைக் கிளையில் ஓடி முடிந்து, எல்லாருக்கும் போகும் `default` கிளையில் ஏறிய பிறகு இப்படி எழுதுவேன்:

> வணக்கம். நீங்கள் சொன்னது சரி, தவறு எங்களுடையது. மூன்றாம் லெவல் கிணற்றில் செக்பாயிண்ட்டைத் தொடும்போது நீங்கள் விழுந்துகொண்டிருந்தால், விழுந்த அந்த இடத்தையே கேம் சேமித்துவிட்டது. ஏறியிருந்த தண்ணீரையும் சேர்த்துச் சேமித்தது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் தொடங்கியது.
>
> இதற்கு முந்தைய அப்டேட் (1.0.3) இதை முழுதாகத் தீர்க்கவில்லை. அதில், குதித்தபடி செக்பாயிண்ட்டைத் தொட்டால் சேமிக்காமல் போகும் இன்னொரு பிழையும் இருந்தது. 1.0.4-இல் இரண்டையும் சரிசெய்திருக்கிறோம். இப்போது எந்த செக்பாயிண்ட்டிலும் அதற்கென்று குறித்த பாதுகாப்பான இடத்தில்தான் தொடங்குவீர்கள். கிணற்றில் தண்ணீர் அடியிலிருந்து ஏறும்.
>
> உங்கள் பழைய சேமிப்பையும் 1.0.4 திறக்கும்போதே திருத்திவிடும். நாணயங்களும் சக்திகளும் அப்படியே இருக்கும். கேமை நீக்க வேண்டாம், புதிதாகத் தொடங்க வேண்டாம். முதல் திரையின் மூலையில் 1.0.4 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு Continue அழுத்துங்கள்.
>
> இதற்குள் New Game தொடங்கி விளையாடியிருந்தால் பழைய சேமிப்பை எங்களால் மீட்க முடியாது. அதற்கு மன்னிக்கவும். திருத்திய பிறகும் தண்ணீருக்குள்ளேயே தொடங்கினால் கேமின் கலந்துரையாடல் பகுதியில் எழுதுங்கள், உங்கள் கோப்பை வாங்கிப் பார்க்கிறோம்.

‘டெஸ்ட் பண்ணாமலே விக்கிறாங்க’ என்பதற்கு நான் பதில் எழுதவில்லை, கவனித்தீர்களா? நீங்கள் சோதித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிணற்றை வடிவமைத்தவர் அதன் விளிம்பைத் தவறவிடவே மாட்டார். அதனால்தான் உங்கள் கையில் இது சிக்கவில்லை. அவரிடம் அதை விளக்கினால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

1.0.3 பற்றிய பத்தியை எடுத்துவிட உங்களுக்கு ஆசை வரலாம். எடுக்காதீர்கள். அந்த அப்டேட்டில் சேமிப்பு நடக்காமல் திணறிய வேறு யாரோ இதையும் படிப்பார். அப்டேட் குறிப்பிலும் இதே விஷயத்தை இதே தெளிவோடு எழுதுங்கள். ‘சில பிழைகள் நீக்கப்பட்டன’ என்று அங்கே போட்டுவிட்டு இங்கே மட்டும் விவரமாக எழுதினால், விமர்சனம் எழுதாத மற்றவர்களுக்குத் தங்கள் கோப்பு திரும்ப வந்துவிட்டது என்றே தெரியாது.

முதல் திரையில் பதிப்பு எண் இப்போது இல்லை என்று நினைக்கிறேன். அதைச் சேர்த்த பிறகு அனுப்புங்கள். ஸ்டீம் திறந்தே இருந்தாலோ கேம் ஓடிக்கொண்டே இருந்தாலோ அப்டேட் உடனே இறங்காமல் நிற்கலாம். அப்போது அவர் பழைய பில்டிலேயே முயன்றுவிட்டு நீங்கள் பொய் சொன்னதாக நினைப்பார்.

ஒருவேளை அவர் திரும்ப வந்து ‘இன்னும் அப்படியேதான்’ என்றால், வாதாடாமல் மேலே சொன்ன இடத்திலிருந்து கோப்பை நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் `version` 3 ஆகியிருந்தால் உங்கள் திருத்தம் ஓடியிருக்கிறது, குறி வைத்த இடம்தான் தவறு. இன்னும் 2 என்றே இருந்தால் திருத்தம் ஓடவே இல்லை, அவரிடம் 1.0.4 இறங்கவில்லை, அல்லது கிளவுடிலிருந்து பழைய கோப்பு மேலே வந்து விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு வேறு. கோப்பு கையில் வரும்வரை எதையும் ஊகித்து அவருக்கு எழுத வேண்டாம்.